வலையோடு பறந்த புறாக்கள்: ஏழு வயதுக்கு ஒரு கதை, ஐந்து கேள்விகள், ஒரு படம்

வேடன் விரித்த வலையில் சிக்கிய புறாக்கள் அந்த வலையையே தூக்கிக்கொண்டு பறந்துபோன கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே குறைவு. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. அங்கே புறாக்களின் அரசன் பெயர் சித்திரகிரீவன், கயிற்றைக் கடித்து விடுவிக்கும் எலியின் பெயர் இரண்யகன். இதோபதேசத்திலும் இந்தக் கதை வருகிறது. 8ஆம் நூற்றாண்டில் அரபி மொழிக்குப் போன 'கலீலா வ திம்னா'விலும் இந்தப் புறாக்கள் இருக்கின்றன.

இவ்வளவு தூரம் பறந்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கிறோம். "ஒற்றுமையே பலம்" என்று பதில் வருகிறது. கதையைக் கேட்காத பிள்ளையும் அதே பதிலைச் சொல்லும், ஏனென்றால் அது சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் "அந்தப் புறாக்கள் சரியாக என்ன செய்ததால் வலை எழும்பியது?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிப்பார்கள். சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கதையை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது, அதன் பிறகு எதைக் கேட்பது, எதை வரையச் சொல்வது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வீட்டிலும் செய்யலாம், இரண்டாம் வகுப்பிலும் செய்யலாம்.

முதலில் கதை.

ஆலமரத்தடியில் நெல்மணிகள் சிதறிக் கிடந்தன. ஆறு புறாக்கள் அந்தப் பக்கம் பறந்து வந்தன. குட்டிப் புறாதான் நெல்லை முதலில் பார்த்தது. "நெல்! நெல்!" என்று கத்தியது. ஆறும் இறங்கின. ஆசையாகக் கொத்தின. சட்டென்று கால்களில் ஏதோ சுற்றிக்கொண்டது. வலை!

குட்டிப் புறா ஆலமரத்துப் பக்கம் இழுத்தது. இன்னொரு புறா குளத்துப் பக்கம் இழுத்தது. ஒன்று முன்னால் இழுத்தது. ஒன்று பின்னால் இழுத்தது. வலை எழும்பவில்லை. கயிறு இன்னும் இறுகியது.

"எல்லாம் உன்னால்தான்!" என்று ஒரு புறா குட்டிப் புறாவைத் திட்டியது.

"அதை அப்புறம் பேசலாம். வேடன் வருகிறான்" என்றது மூத்த புறா. "எல்லோரும் சிறகை விரியுங்கள். நான் எண்ணுகிறேன். மூன்று என்றதும் மேலே பறக்கவேண்டும். ஒன்று... இரண்டு... மூன்று!"

பன்னிரண்டு சிறகுகளும் ஒன்றாக அடித்தன. வலை தரையை விட்டு எழும்பியது. மரத்துக்கு மேலே போனது. வேடன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினான். வெகுதூரம் ஓடினான். புறாக்கள் மலையைத் தாண்டின. வேடன் நின்றுவிட்டான்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் எலி இருந்தது. அது மூத்த புறாவின் தோழன். எலி ஓடி வந்து மூத்த புறாவின் கால் கயிற்றைக் கடிக்கப் போனது.

"எனக்குக் கடைசியில். முதலில் குட்டியை விடுவி" என்றது மூத்த புறா.

எலி ஒவ்வொரு கயிறாகக் கடித்தது. கடைசியில் மூத்த புறாவின் கயிறும் அறுந்தது.

கதை இங்கேயே முடிகிறது. கீழே நீதி என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதிவிட்டால் பிள்ளை அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைக் கீழே வைத்துவிடும்.

பழைய கதையில் கூட்டம் பெரியது. இங்கே அதை ஆறாகக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஏழு வயதுப் பிள்ளை ஆறு புறாவை மனத்தில் நிறுத்திக்கொள்ளும், பிறகு தாளிலும் வரைந்துவிடும். இருபது என்றால் நாலைந்து வரைந்ததும் கை ஓய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்த அந்த முதல் முயற்சியை நான் சேர்த்திருக்கிறேன். தோற்றுப்போன ஒரு முயற்சி பக்கத்தில் இருந்தால்தான் வென்ற முயற்சியில் என்ன மாறியது என்று பிள்ளையால் ஒப்பிட முடியும். மூன்று வரை எண்ணுவதும் அதற்காகத்தான். "ஒற்றுமையாக இருங்கள்" என்றால் உடம்பால் என்ன செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது. மூன்று என்றதும் எழும்பு என்றால் தெரியும். புறாக்கள் ஒன்றையொன்று குறைசொல்வதும் மூத்தது அதைத் தடுப்பதும் இதோபதேசத்தில் உள்ளவையே. பலர் சொல்லும்போது விட்டுவிடுகிற பகுதி அது. விடக்கூடாத பகுதியும் அதுதான்.

இந்தக் கதையைப் பிள்ளையின் கையில் கொடுத்து "படி" என்று சொல்லாதீர்கள். முதல் முறை பெரியவர் வாசித்துக் காட்டவேண்டும். படித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது, மற்றது சொன்னதன் பொருளைப் பிடிப்பது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக்காட்டினார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டுவதிலேயே மூச்சு முட்டும். 'விரியுங்கள்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் புறா ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால் பதில் வராது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கதை புரியவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். நீங்கள் வாசியுங்கள், பிறகு பிள்ளையும் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள், அதன் பிறகு கேளுங்கள். பதிலையும் வாயால் சொல்லவிடுங்கள். எழுதச் சொன்னால் எழுத்துப்பிழைக்குப் பயந்து இரண்டே சொல்லில் பதிலை முடித்துக்கொள்வார்கள்.

இனி கேள்விகள். நல்ல கேள்வியா என்று பார்க்க என்னிடம் ஒரு சோதனை உண்டு. கதையையே கேட்காத பிள்ளையும் இதற்குச் சரியான பதில் சொல்லிவிடுமா? சொல்லிவிடும் என்றால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடலாம். "நண்பர்களுக்கு உதவவேண்டுமா?" என்ற கேள்வி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். "கதையின் நீதி என்ன?" என்பதும் தோற்றுவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வகை இருக்கிறது. "குமுடன் டப்பலில் மிளிந்தான்" என்று ஒரு வாக்கியம். அர்த்தமே இல்லாமல் நான் கட்டியது. குமுடன் எங்கே மிளிந்தான்? டப்பலில். யார் மிளிந்தான்? குமுடன். இரண்டும் சரியான விடை, இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கும், ஒன்றுமே புரியவில்லை. பாடநூலின் வரியை அப்படியே திருப்பிக் கேட்கும் கேள்விகளில் இந்த ஆபத்து இருக்கிறது. அதற்காக அவற்றை அறவே ஒதுக்கவேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒன்று இருக்கட்டும், கூச்சப்படும் பிள்ளைக்கும் வாய் திறக்க அது வழிவிடும். நம் முதல் கேள்வி அப்படிப்பட்டது: நெல்மணிகளை முதலில் பார்த்தது யார்? குட்டிப் புறா. அவ்வளவுதான், அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாம் கேள்விதான் கதையின் நடுமுள். முதலில் இழுத்தபோது வலை ஏன் எழும்பவில்லை, பிறகு எப்படி எழும்பியது? இதற்கு விடை ஒரே வரியில் கிடைக்காது. இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். "முதலில் பலமாக இழுக்கவில்லை, அப்புறம் பலமாக இழுத்தன" என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். இது தவறான விடை, ஆனால் மிகவும் பயனுள்ள தவறு. இரண்டு முறையும் அதே ஆறு புறாக்கள், அதே சிறகுகள். மாறியவை திசையும் நேரமும் மட்டுமே. உடனே திருத்திவிடாமல் "எந்தப் புறா எந்தப் பக்கம் இழுத்தது என்று கையால் காட்டு" என்று சொல்லுங்கள். ஆலமரத்துப் பக்கம் ஒரு கை, குளத்துப் பக்கம் ஒரு கை என்று நீட்டும்போதே பாதி புரிந்துவிடும்.

அப்போதும் பிடிபடவில்லை என்றால் ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுங்கள். நான்கு முனைகளிலும் நான்கு பேர் பிடிக்கட்டும், நடுவில் ஒரு ரப்பர் பந்து. ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தால் விரிப்பு விறைக்குமே தவிர மேலே எழாது. மூன்று எண்ணி நால்வரும் ஒன்றாகத் தூக்கினால் பந்து நடுவிலேயே இருந்தபடி மேலே வரும். ஒருவர் மட்டும் தாமதித்தால் அவர் பக்கம் விரிப்பு தாழ்ந்து பந்து அங்கே உருண்டுவிடும். தாமதித்தவர் பலம் குறைந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நேரம் தவறியது என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் செய்வதாக இருந்தால் கேள்வி கேட்ட பிறகு செய்வது நல்லது. முன்பே செய்துவிட்டால் விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டதாகிவிடும்.

மூன்றாவது: வேடன் ஏன் அவ்வளவு தூரம் பின்னால் ஓடினான்? கதையில் காரணம் சொல்லவில்லை. பழைய கதையில் அவன் மனத்தில் ஓடுவதைச் சொல்வார்கள். இப்போது சேர்ந்து பறக்கின்றன, சண்டை வந்ததும் விழுந்துவிடும் என்பது அவன் கணக்கு. நான் அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன், பிள்ளைகள் ஊகிக்க இடம் வேண்டும் என்பதால். "அது அவன் வலை, திரும்ப வாங்க ஓடினான்" என்றால் சரி. "களைத்து விழுந்ததும் பிடிக்கலாம் என்று" என்றால் அதுவும் சரி. "ஓடினால் உடம்புக்கு நல்லது" என்றால் கதையில் அதற்கு ஆதாரம் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு சிறு கேள்வி போதும்: "கதையில் எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினான் என்ற வரியைப் பிள்ளையே எடுத்துக்காட்டினால் அதுதான் வாசிப்பு.

நான்காவது, எல்லோரும் சிக்கியது குட்டிப் புறாவால் என்று ஒரு புறா திட்டியது. மூத்த புறா அப்போது என்ன சொன்னது, ஏன் அப்படிச் சொன்னது? ஏழு வயதில் இது எளிய கேள்வி அல்ல. பிள்ளைகள் தப்பை அளக்கும் விதத்தைச் சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே 1932இல் ஒரு நூலாகவே எழுதினார். சின்னப் பிள்ளைகள் மனத்தில் இருந்த எண்ணத்தைவிட விளைந்த சேதத்தை வைத்தே தப்பை எடைபோடுகிறார்கள் என்பது அதில் அவர் கண்டது. அதனால் "குட்டிதான் கெட்டது, அதை அடிக்கவேண்டும்" என்ற பதில் வந்தால் பயப்பட வேண்டாம். "குட்டிக்கு அங்கே வலை இருப்பது தெரியுமா?" என்று கேளுங்கள். அடுத்து "திட்டிக்கொண்டே இருந்திருந்தால் வேடன் எவ்வளவு பக்கத்தில் வந்திருப்பான்?" என்று கேளுங்கள். யார்மேல் தப்பு என்ற பேச்சைவிட அந்த நேரத்தில் செய்யவேண்டியது எது என்பதை நோக்கிப் பிள்ளை நகர்ந்தால் போதும். மூத்த புறா "தப்பே இல்லை" என்று சொல்லவில்லை, "அப்புறம் பேசலாம்" என்றுதான் சொன்னது. கூர்மையான பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள்.

ஐந்தாவது: தன் கயிற்றைக் கடைசியில் கடிக்கும்படி மூத்த புறா ஏன் சொன்னது? "அது நல்ல புறா" என்பது முதல் பதிலாக வரும். அதோடு விடாதீர்கள். தன் கயிற்றை முதலில் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கலாம் என்று கேளுங்கள். பஞ்சதந்திரத்தில் சித்திரகிரீவனே இதற்குக் காரணம் சொல்கிறான். எலியின் பல் உடைந்துபோகலாம், அதற்குள் வேடன் வந்துவிடலாம். அப்படி ஆனால் அரசன் மட்டும் தப்பி மற்றவை மாட்டிக்கொள்ளும். எலி வந்ததும் பறக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனால் எண்ணிச் சொன்னவரின் பொறுப்பு முடியவில்லை. "எலிக்குப் பல் வலித்துவிட்டால்?" என்று பிள்ளையே கேட்டுவிட்டால் பழைய கதைக்காரரை அது தானாகவே எட்டிப் பிடித்துவிட்டது என்று பொருள்.

ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆறாவது கேள்வியில் பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

படம் வரைவதை "பிடித்த காட்சியை வரை" என்று விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, தென்னைமரம், வானத்தில் நாலைந்து வளைகோட்டுப் பறவைகள். எந்தக் கதைக்கும் அதே படம். கை பழகிய படம் அது, கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதற்குப் பதிலாக ஒரு ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம், புறாக்கள் முதல் முறை இழுத்தபோது. வலப்பக்கம், மூன்று என்று எண்ணியதும். இரண்டு பக்கமும் ஆறு புறா, ஒரே வலை. ஒவ்வொரு புறாவும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அலகால் காட்டவேண்டும். வேண்டுமானால் அம்புக்குறியும் போடலாம். முதலில் பென்சில், பிறகு வண்ணம். முடிந்ததும் ஒவ்வொரு பாதிக்கும் கீழே பிள்ளை தன் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியம் எழுதட்டும்.

இப்போது அந்தப் படமே ஆறாவது கேள்வியாகிவிடுகிறது. இடப்பக்கம் அலகுகள் நாலாபக்கமும் திரும்பியிருக்கின்றனவா, வலப்பக்கம் எல்லாம் மேல்நோக்கி இருக்கின்றனவா? அப்படியென்றால் கதையின் நடுமுள் பிடிபட்டுவிட்டது, வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும். புறா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலை வரைந்திருந்தால் புரிதலில் ஓர் ஓட்டை இருக்கலாம். ஒரே வலையில் எல்லோரும் மாட்டியிருப்பதால்தானே சேர்ந்து பறக்கவேண்டியிருக்கிறது? தனித்தனி வலை என்றால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையைத் திருத்தாமல் "இந்தப் புறா மட்டும் தனியாகப் பறந்துபோகலாமா?" என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். சில பிள்ளைகள் உடனே வலைகளுக்கு நடுவே கோடு போட்டு இணைத்துவிடுவார்கள்.

திருத்தவே கூடாத சில விஷயங்களும் உண்டு. ஏழு வயதை ஒட்டிப் பிள்ளைகளின் ஓவியத்தில் ஒரு தனி இலக்கணம் வருகிறது. 1947இல் விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் அதை விரிவாக எழுதினார். தாளின் அடியில் ஒரு கோடு தரையாகும், உச்சியில் ஒரு நீலப் பட்டை வானமாகும், இடையில் வெற்றிடம். முக்கியமானது பெரிதாக இருக்கும். அதனால் மூத்த புறா ஆலமரத்தைவிடப் பெரிதாக வந்தால் அது அளவு தெரியாததால் அல்ல. அந்தக் கதையில் அதுதான் பெரியது என்று பிள்ளை சொல்கிறது. எலி வளைக்குள் இருப்பதை மண்ணை ஊடுருவிக் காட்டுவதும் இதே வயதின் வழக்கம். "புறா இப்படியா இருக்கும்?" என்று அழிரப்பரை எடுத்தால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் "நீங்களே வரைந்து கொடுங்கள்" என்று தாளை நீட்டும்.

வகுப்பில் ஆறு பேராகச் சேர்ந்தும் செய்யலாம், ஆனால் ஒரே சார்ட்டைக் கொடுத்து "எல்லோரும் சேர்ந்து வரையுங்கள்" என்றால் நன்றாக வரையும் பிள்ளை எல்லாவற்றையும் வரையும், மற்ற ஐவரும் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொடுப்பார்கள். அது சேர்ந்து செய்த வேலை அல்ல. ஆளுக்கு ஒரு புறாவை வரைந்து வெட்டி, சணல் கயிற்றால் பின்னிய ஒரு வலையின் மேல் ஒட்டட்டும். ஒட்டும்போதுதான் சிக்கல் வரும். ஒருவரின் புறா இடப்பக்கம் பார்க்கிறது, இன்னொன்று வலப்பக்கம். எல்லாம் ஒரே திசையில் பறக்கவேண்டுமே என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு எழும். யாராவது ஒருவர் தன் புறாவைத் திருப்பி வெட்டவேண்டியிருக்கும். நீங்கள் நடுவில் போகாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

மறுநாள் இதன் இணைக்கதையைச் சொல்லலாம். பௌத்த ஜாதகக் கதைகளில் காடைகளைப் பற்றி ஒன்று இருக்கிறது. அங்கேயும் வலை, அங்கேயும் காடைகள் வலையைத் தலையால் தூக்கிக்கொண்டுபோய் முள்செடிமேல் போட்டுவிட்டு அடிவழியாகத் தப்பிக்கின்றன. நாள்தோறும் இப்படி நடக்கிறது. ஒருநாள் ஒரு காடை இறங்கும்போது இன்னொன்றின் தலையைத் தெரியாமல் மிதித்துவிடுகிறது. அதிலிருந்து சண்டை. நீ மட்டும்தான் வலையைத் தூக்குகிறாயோ என்று ஒன்றையொன்று குத்திக்காட்டும் அளவுக்கு அது முற்றுகிறது. அடுத்த முறை வலை விழும்போது "நீ தூக்கு" என்கிறது ஒன்று, "நீ தூக்கு" என்கிறது மற்றது. பிடிகாரன் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொள்கிறான்.

இதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி போதும்: புறாக் கூட்டத்திலும் ஒருவர் இன்னொருவரைத் திட்டினார், காடைக் கூட்டத்திலும் திட்டினார். அங்கே வலை எழும்பியது, இங்கே ஏன் எழும்பவில்லை? பதிலுக்கு அவசரப்படாதீர்கள். முந்தைய நாள் வரைந்த தாளை எடுத்து மடிப்பைப் பிரித்து முன்னால் வையுங்கள். மூத்த புறா எங்கே நிற்கிறது, அது என்ன சொன்னது என்று தேடத் தொடங்குவார்கள்.